மூட்டைக்காரன் கையும் கான்வாஸ் பட்டையும்

மூட்டை தூக்கறவன் கை இரும்புன்னு எங்க பக்கத்துல எல்லாருமே சொல்லுவாங்க. நானும் அப்படித்தான் நம்பிட்டிருந்தேன். இப்ப யாராச்சும் சொன்னா எனக்குச் சுருக்குன்னு கோவம் வந்துருது. பார்த்துட்டுப் பேசுப்பான்னு சொல்லிட்டு எந்திரிச்சுப் போயிடறேன். எதுக்குக் கோவப்படறேன்னு கேக்கறவங்களுக்காகத்தான் இதை எழுதறேன்.

எண்பதுகளோட தொடக்கம். நாமக்கல்லுல சேலம் ரோட்டை ஒட்டி ஒரு லாரி பாடி கட்டற பட்டறையில நான் மரவேலை பார்த்துட்டிருந்தேன். பட்டறைக்குப் பின்னாடி ஒரு தகரக் கொட்டாய். முதலாளி அதை எங்களுக்கு விட்டுக் கொடுத்திருந்தாரு. லாரிக்கு அடிக்கற பலகையில மிச்சமானதைப் போட்டுத் தளம் அமைச்சோம். லேத்துல இரும்புக் கம்பியைப் பாராக் கடைஞ்சு, பழைய இரும்பை வட்டம் வட்டமா அறுத்து அதுல மாட்டற பிளேட் செஞ்சு, லாரி எடைமேடையில வெச்சுச் சரி பார்த்துக்கிட்டோம். சுவத்துல ஆஞ்சநேயர் படம். அதுதான் எங்க ஜிம்மு. சொல்லித் தர்றதுக்குன்னு மாஸ்டர் யாரும் கிடையாது. ஒருத்தன் தூக்கறதை ஒருத்தன் பார்ப்போம், தப்பாத் தூக்கினா வைவோம், அவ்வளவுதான்.

என்னோட ஜோடி என் மாப்ள. என் வயசுதான் அவனுக்கும். சிநேகிதனா இருந்து பொறவு என் தங்கச்சியைக் கட்டினவன். அதனால எங்களுக்குள்ள ஒரு வழக்கம். ஊட்டுல பார்த்தா "வாங்க மாப்ள, சாப்பிட்டீங்களா"ம்பேன். கொட்டாய்க்குள்ள கால் வெச்சதும் "டேய், பிளேட்டை மாத்துடா"ம்பேன். அவனும் ஊட்டுல "ஆமாங்க மச்சான்", கொட்டாயில "போடா". தங்கச்சி ஒரு நாள் கொட்டாய் வாசல்ல நின்னு இதைக் கேட்டுட்டு, "நல்லாருக்குங்கண்ணா உங்க மரியாதை"ன்னு சிரிச்சா.

அவன் சேகோ மில்லுல மூட்டை தூக்கிட்டிருந்தான். மரவள்ளிக் கிழங்கு லாரியில வரும், ஜவ்வரிசி மூட்டையா வெளிய போகும். ரெண்டுக்கும் நடுவுல இவங்க முதுகு. அவங்கப்பாவும் அதே மில்லுலதான் தூக்கினாரு. நான் பார்க்கத் தொடங்கின காலத்துலயே அந்த மனுசன் நிமிர முடியாம, தரையைப் பார்த்துக்கிட்டேதான் நடப்பாரு. யாராவது ஊட்டுக்கு வந்தா, வந்தது யாருன்னு செருப்பை வெச்சுத்தான் கண்டுபிடிப்பாரு. என் தங்கச்சி தினமும் அவரையும் பார்ப்பா, புருசனையும் பார்ப்பா. அவ மனசுல என்ன ஓடும்னு சொல்லணுமா?

அப்பத்தான் பவர் லிஃப்டிங் போட்டி எங்க பக்கம் பரவிட்டிருந்துச்சு. குத்த வெச்சு எந்திரிக்கற ஸ்குவாட், படுத்துத் தள்ளற பெஞ்ச், தரையிலிருந்து இழுக்கற டெட் லிஃப்ட். மூணையும் கூட்டி யாருக்குக் கிலோ எச்சோ அவன் முதல். ஜில்லாவுல முதல் இடம் வந்தா மாநிலப் போட்டிக்கு அனுப்புவாங்க. அங்க ஒரு இடம் பிடிச்சா விளையாட்டுக்காரங்களுக்குன்னு ஒதுக்கின சர்க்கார் வேலைக்கு மனுப் போடலாம். மாப்ளைக்கு அதுக்கான வயசு அந்த ஒரு வருசம்தான் பாக்கி. அடுத்த வருசம் போட்டி வர்றப்ப வரம்பைத் தாண்டிருவான்.

"இந்த வருசம் விட்டா அவ்வளவுதானுங்களாண்ணா?"ன்னு தங்கச்சி என்கிட்டத் தனியாக் கேட்டா.

"விட மாட்டான். நீ கம்முன்னு இரு"ன்னேன்.

சாமானம்னு சொன்னா எங்ககிட்ட மூணு வகை இருந்துச்சு. முதல்ல பெல்ட். செருப்புத் தைக்கறவருகிட்டச் சொல்லி, கனமான தோல்ல, நாலு விரல் அகலத்துல தைச்சு வாங்கினோம். கொக்கி எங்க பட்டறையிலயே வெல்டிங் வெச்சது. அதை எப்படிக் கட்டறதுன்னே எங்களுக்குத் தெரியலை. மூட்டைக்காரங்க துண்டை இடுப்புல கட்டறப்ப வயித்தை உள்ள இழுத்துக்கிட்டு இறுக்குவாங்க. நாங்களும் அதே மாதிரி, மூச்சை விட்டு, வயித்தை ஒட்ட வெச்சு, கடைசி ஓட்டையில மாட்டினோம். முதுகைப் பெல்ட்டு பிடிச்சுக்கும்னு நினைப்பு. ஒரு நாள் அப்படிக் கட்டிட்டு ஸ்குவாட்டுல கீழ போனேன், கண்ணு இருட்டிக்கிச்சு. பாரைப் பின்னாடி தள்ளிட்டு உக்காந்துட்டேன். கோவத்துல பெல்ட்டை ஒரு ஓட்டை தளர்த்தி மாட்டினேன். தளர்த்தினதுல மூச்சு அடிவயிறு வரைக்கும் இறங்குச்சு. அந்த மூச்சைப் பிடிச்சு, வயித்தைப் பெல்ட்டு மேல வெளியே முட்டித் தள்ளிக்கிட்டுக் கீழ போனேன். நடு உடம்பு முழுக்கக் கெட்டியா நின்னுச்சு, பாரும் மேல வந்துருச்சு. அன்னைக்குத்தான் புரிஞ்சுது, பெல்ட்டு முதுகைத் தாங்கறதில்லை. நம்ம வயிறு முட்டறதுக்கு அது ஒரு சுவர். முட்டத் தெரியாதவனுக்கு அது வெறும் தோல்.

அதுக்கப்புறம் லேசான கனத்துக்கெல்லாம் பெல்ட்டு போடறதில்லைன்னு முடிவு பண்ணினோம். வயிறு தானா முட்டப் பழகட்டும், கனம் ஏறின பொறவு மாட்டிக்கலாம்னு. பெல்ட்டு விசயத்துல நாங்க புத்தியா நடந்துக்கிட்டோம்.

ரெண்டாவது முட்டி உறை. மருந்துக்கடையில விக்கற எலாஸ்டிக் உறைதான். மார்கழிக் காலையில தகரக் கொட்டாய் சில்லுன்னு கிடக்கும், அப்ப அதை மாட்டிக்கிட்டா முட்டி சூடா, வழுவழுன்னு மடங்கும். எங்ககூட ஒரு விசைத்தறிக்காரர் வந்துட்டிருந்தாரு. அவருக்கு முட்டியில ஏற்கெனவே வலி. உறையை மாட்டினா வலி தெரியலைன்னு சொல்லி, நாளுக்கு நாள் பிளேட்டை ஏத்தினாரு. "வலி போயிருச்சா, தெரியலையா? ரெண்டுல எதுங்க?"ன்னு மாப்ளதான் அவரைக் கேட்டான். அவரு சிரிச்சு மழுப்பினாரு. கொஞ்ச நாள்ல தறி முன்னாடி நிக்கவே முடியாம கொட்டாய்க்கு வர்றதை நிறுத்திட்டாரு.

ஊராரு முட்டிக்கு அவ்வளவு தெளிவாக் கேட்டவன், தன் கையைப் பத்தி அதே கேள்வியைக் கேக்கலை. அதை நினைச்சா எனக்கு இன்னைக்கும் ஆறலை.

மூணாவது அந்தப் பட்டை. தார்ப்பாய் ஓரத்துல தைக்கற கான்வாஸ் நாடாவை வெட்டி, ஒரு முனையில மடிப்பு வெச்சுத் தைச்சது. மணிக்கட்டுல மாட்டி, மிச்சத்தைப் பாரைச் சுத்தி இறுக்கிட்டா, விரல் விட்டாலும் பட்டை விடாது. அது வந்ததுக்கு ஒரு நியாயம் இருந்துச்சு. ஒரு வாரம் மில்லுல லோடு எச்சாகி, மாப்ளையோட உள்ளங்கைக் காய்ப்பு பிஞ்சு, சதை தெரிஞ்சுது. கை ஆறற வரைக்கும் முதுகுக்கு வேலை நிக்க வேண்டாம்னு பட்டை போட்டு இழுத்தான். சரியான யோசனைதான். முதுகுக்கு நல்ல வேலை கிடைச்சுது. முன்ன கை சோந்து போய் நிறுத்தின இடத்தைத் தாண்டி இழுத்தான். அவன் முதுகு அகண்டு வர்றதைச் சட்டைத் தையல்ல பார்க்கலாம்.

கை ஆறுச்சு. பட்டை மட்டும் கழலலை. முதல்ல கனத்துக்கு மட்டும்னான். பொறவு எல்லாத்துக்கும். வெறும் பாரை இழுக்கறதுக்கும் உக்காந்து பட்டையைச் சுத்திக்கிட்டிருப்பான்.

"போட்டியில பட்டைக்கு அனுமதி கிடையாதுடா. பெல்ட்டுக்கு உண்டு, முட்டிக்கு உண்டு, இதுக்குக் கிடையாது"ன்னேன்.

"தெரியும்டா. அன்னைக்குக் கழட்டிட்டா போச்சு."

"கழட்டினா கை நிக்கணுமே?"

அவன் உள்ளங்கையை என் மூஞ்சிக்கு நேரா விரிச்சுக் காட்டினான். "நானு மூட்டைக்காரன். நாள் பூரா இந்தக் கைதான் சோறு போடுது. இதைப் போய்ச் சந்தேகப்படறியா? முதுகுதான் பத்தாம இருந்துச்சு, இப்ப அதுவும் வந்துருச்சு."

அந்தக் கையைப் பார்த்தா யாரும் வாயை மூடிக்குவாங்க. நானும் மூடிக்கிட்டேன். மூட்டை தூக்கறவன் விரலால தூக்கறதே இல்லைங்கறது எனக்கு அப்பத் தோணலை. ஒரு கையில கொக்கி வெச்சிருப்பான். சாக்குல குத்தி, மத்தவங்க ஏத்திவிட, கனம் போய் முதுகுல உக்காந்துரும். கொக்கி மூட்டையைச் சரியாம பிடிக்கும், அவ்வளவுதான். உள்ளங்கை காய்க்கறது கொக்கிப் பிடி உரசிக் காய்க்கறது. தொங்கற கனத்தை மூடின விரல்ல பிடிச்சு நிக்கற வேலையே அந்தப் பொழப்புல இல்லை.

போட்டிக்கு முந்தின வாரம் பட்டையில்லாம இழுத்துப் பார்க்கலாம்னு நான் பிடிவாதம் பிடிச்சேன். பட்டையோட நூத்தித் தொண்ணூறு கிலோ இழுத்திருந்தான். வெறுங்கைக்கு ஒரு உள்ளங்கை முன்னாடி பார்க்கணும், ஒரு உள்ளங்கை பின்னாடி பார்க்கணும். அப்பத்தான் பார் உருளாது. பட்டையோட ரெண்டு கையையும் ஒரே பக்கமா வெச்சுப் பழகினவனுக்கு அது கோணலா இருந்துச்சு. நூத்தி எழுபது முட்டிக்கு மேல வந்து, விரல் வழியா உருண்டு, தடார்னு பலகை மேல விழுந்துச்சு.

"இன்னைக்குக் கிழங்கு லோடு நாலு லாரி. கை ஓய்ஞ்சு போச்சு"ன்னான்.

இருக்கும்னு நினைச்சுக்கிட்டோம். வேற என்ன செய்யறது, ஒரு வாரத்துல கை வளருமா?

சேலத்துல ஒரு பள்ளிக்கூட மண்டபத்துல போட்டி. மாப்ள அறுபத்தேழரை கிலோ வகுப்பு. ஸ்குவாட்டுல அவன் பெல்ட்டோட, முட்டி உறையோட நின்ன அழகைப் பார்த்து ஓமலூர்க்காரர் ஒருத்தர் என்கிட்ட, "யாருங்க இந்தத் தம்பி?"ன்னு கேட்டாரு. "எங்க மாப்ளைங்க"ன்னு நெஞ்சை நிமித்திச் சொன்னேன். பெஞ்சுலயும் தப்பில்லை. டெட் லிஃப்ட்டுக்கு வர்றப்ப, நூத்தி எண்பது இழுத்தா முதல் இடம் அவனுக்குத்தான். கொட்டாயில அதைவிட எச்சா எத்தனையோ தடவை இழுத்தவன்.

முதல் தடவை நூத்தி அறுபத்தஞ்சு. எடுத்துட்டான். ஆனா கீழ வெச்சுட்டு வர்றப்ப விரலை மடக்கி மடக்கிப் பார்த்துக்கிட்டே வந்தான். 

ரெண்டாவது தடவை நூத்தி எண்பது. தரையிலிருந்து எவ்வளவு சுலபமாக் கிளம்புச்சு தெரியுமா! முட்டியைத் தாண்டுச்சு, தொடையில ஏறுச்சு. இடுப்பு நிமிர இன்னும் ஒரு சாண்கூட இல்லை. விரல் ஒண்ணொண்ணாத் திறந்துச்சு. முதல்ல சுண்டுவிரல், பொறவு மத்தது. பார் போயிருச்சு. முதுகு நிமிந்தபடியே, கையில ஒண்ணுமில்லாம அவன் நின்னான்.

அவன் கையில சுண்ணக்கட்டிப் பொடியை அள்ளிப் பூசி விட்டேன். "இறுக்கிப் பிடி, இறுக்கிப் பிடி"ன்னு சொல்லிக்கிட்டே இருந்தேன். அந்நேரத்துக்குச் சொல்ற பேச்சா அது? மூணாவது தடவை முட்டிக்கிட்டயே விட்டுருச்சு.

நாமக்கல் பஸ்ஸுல ஜன்னலோரம் உக்காந்துக்கிட்டான். ரெண்டு கையையும் மடியில மல்லாத்தி வெச்சிருந்தான். ஊரு நெருங்கறப்பத்தான் வாயைத் திறந்தான்.

"முதுகு இருந்துச்சு மச்சான்."

"இருந்துச்சு மாப்ள."

கொட்டாயும் இல்லை ஊடும் இல்லை, நடு வழி. அதுல அவன் என்னை மச்சான்னதும் எனக்குத் தாங்கலை. வெளியே பார்த்துக்கிட்டேன்.

ஊட்டுல தங்கச்சிதான் கதவைத் திறந்தா. எங்க மூஞ்சியே சொல்லிருச்சு. தண்ணி கொண்டாந்து வெச்சா. அவன் செம்பை ரெண்டு கையாலயும் பிடிச்சு எடுத்தான், அதைப் பார்த்துட்டு உள்ள போயிட்டா. அவங்கப்பா மட்டும் குனிஞ்ச தலையோட, "என்னாச்சு சாமி?"ன்னு கேட்டாரு. "அடுத்த வருசம் பார்க்கலாமுங்கப்பா"ன்னான். அடுத்த வருசத்துல பார்க்கறதுக்கு என்ன இருக்குன்னு அங்க இருந்த எல்லாருக்கும் தெரியும்.

இனி கொட்டாய்ப் பக்கம் வர மாட்டான்னுதான் நினைச்சேன். ஆனா அந்த வாரமே பொழுதோட வந்து நின்னான். எனக்கிருந்த ஆத்திரத்துல பட்டையை எடுத்து வெட்டிப் போடப் போனேன். அவன் தடுத்துட்டான்.

"அது என்னடா பண்ணுச்சு? முதுகைக் கொடுத்தது அதுதான். எப்பக் கழட்டணும்னு எனக்குத்தான் தெரியலை."

ஆணியில தொங்கவிட்டான். அதுக்கப்புறம் அவன் முறை வேற. லேசோ கனமோ, இழுக்கறதெல்லாம் வெறுங்கையில. ஒவ்வொரு தடவையும் நிமிந்த பொறவு உடனே இறக்காம, பாரைப் பிடிச்சுக்கிட்டே நிப்பான். விரல் இனி முடியாதுங்கற வரைக்கும். கை முழுக்கச் செத்த பொறவுதான் ஆணியிலிருந்து பட்டையை எடுத்து, குனிஞ்சு இழுக்கற முதுகு வேலையை அதோட முடிப்பான். பெல்ட்டு கனத்துக்கு மட்டும். முட்டி உறை குளிருக்கு. எது எதுக்குன்னு எல்லாத்துக்கும் ஒரு இடம் வந்துருச்சு.

மில்லுலயும் மாத்திக்கிட்டான். இன்னொருத்தன் முதுகுக்கு ஏத்திவிடறப்ப கொக்கியை விட்டுட்டு, சாக்கு மூலையில துருத்தற காதைக் கையிலயே பிடிச்சுத் தூக்குவான். நகம் பேந்து, விரல் இடுக்கெல்லாம் சாக்கு நூல் அறுத்துருச்சு. கூட வேலை செய்யறவங்க, "கொக்கி வாங்கக் காசில்லையாப்பா?"ன்னு கிண்டல் பண்ணினாங்க. அவன் கண்டுக்கலை.

அடுத்த வருசமும் போட்டி வந்துச்சு. தங்கச்சி அவன் பையை எடுத்து வெச்சுக்கிட்டே, "ஜெயிச்சாலும் திங்கக்கிழமை மூட்டைதானுங்க. எதுக்குங்க இந்தப் பாடு?"ன்னா. கோவமாச் சொல்லலை, மனசு தாங்காமச் சொன்னா.

"போய்த் தூக்கிட்டு வாரேன்"ன்னான்.

"அப்ப நானும் வாரேன்"ன்னு கிளம்பிட்டா.

அதே மண்டபம். பொம்பளைங்க யாரும் வராத இடம், அவ கதவோரமா நின்னுக்கிட்டா. ஸ்குவாட், பெஞ்ச் முடிஞ்சு டெட் லிஃப்ட். முதல் ரெண்டு தடவையும் சுத்தமா எடுத்தான். ரெண்டாவதுலயே முதல் இடம் உறுதியாயிருச்சு. மூணாவதுக்கு என்ன கனம்னு கேட்டாங்க. நூத்தித் தொண்ணூறுன்னான். பட்டையோட கொட்டாயில இழுத்த அதே கனம்.

பெல்ட்டை மாட்டினான். ஒரு ஓட்டை தளர்த்தி, மூச்சை இறக்கி, வயித்தை முட்டினான். குனிஞ்சு பாரைப் பிடிச்சான், ஒரு உள்ளங்கை முன்னாடி, ஒண்ணு பின்னாடி. நான் அவன் மூஞ்சியைப் பார்க்கவே இல்லை, விரலைத்தான் பார்த்துட்டிருந்தேன். தரையை விட்டுச்சு. முட்டியைத் தாண்டுச்சு. போன வருசம் திறந்த இடத்துக்கு வந்துச்சு. சுண்டுவிரல் வெளுத்துச்சு, ஆனா திறக்கலை. நிமிந்து, தோளைப் பின்னாடி வாங்கி நின்னுட்டான்.

நடுவர் கையைக் கீழ இறக்கி, "டவுன்"னாரு.

அவன் இறக்கலை.

 டவுன்னா தூக்கினது போதும்னு அர்த்தம், இனி பாரை மெல்லக் கீழ வெச்சா முடிஞ்சுது. அவன் கதவோரம் நின்ன என் தங்கச்சியைப் பார்த்துக்கிட்டு, அந்த நூத்தித் தொண்ணூறையும் கையில வெச்சுக்கிட்டு நிக்கறான். அவ ரெண்டு கையாலயும் வாயைப் பொத்திக்கிட்டிருந்தா.

நடுவர் கிட்ட வந்து, மெதுவா, "தம்பி, எடுத்தாச்சுப்பா. கீழ வெச்சுரு"ன்னாரு.

"தெரியுமுங்க"ன்னான். இன்னும் சித்த நேரம் பிடிச்சுக்கிட்டே நின்னான்.